இரவு பத்தரைக்குச் சாப்பிட்டால் எடை ஏறுமா, மொத்த அளவுதான் கணக்கா?

கோவைக்கணக்கன்

வணக்கம். வயது 41. ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். முந்தைய வேலை மாலை ஆறு மணிக்கு முடிந்துவிடும், எட்டு மணிக்கெல்லாம் சாப்பிட்டுவிடுவேன். தை மாதம் இந்தக் கடைக்கு மாறினேன். இங்கே கடை அடைக்கவே ஒன்பதரை ஆகிறது. கல்லாவை எண்ணி, நாள் கணக்கை முடித்து வீடு வந்து சேர்ந்தால் மணி பத்தேகால். பத்தரைக்குச் சாப்பாடு, பன்னிரண்டரைக்குத் தூக்கம்.

எட்டு மாதத்தில் 76 கிலோவிலிருந்து 82க்குப் போய்விட்டேன். "பத்தரைக்குத் தின்றால் உடம்பில் ஒட்டாமல் எங்கே போகும்" என்கிறாள் மனைவி. சரக்கு இருப்பைப் பார்க்கும் நண்பரோ, "வயிற்றுக்கு மணி பார்க்கத் தெரியாது, தின்ற அளவுதான் பேசும்" என்கிறார். சாப்பிடும் நேரத்தைத் தவிர என் வாழ்க்கையில் வேறெதுவும் மாறவில்லை. அப்படியானால் மனைவி சொல்வதுதானே சரி?

வைகைக்கரை

உங்கள் மனைவி சொல்வதே சரி. பொழுது சாய்ந்தால் செரிமானமும் சாய்ந்துவிடும். சமணர்கள் இருட்டிய பிறகு சாப்பிடுவதில்லை, நம் பாட்டிமார்களும் விளக்கு வைத்த கையோடு அடுப்பை அணைத்தார்கள். இரவில் உடல் எதையும் எரிப்பதில்லை, உள்ளே போனது அப்படியே கொழுப்பாகப் படியும். காலையில் தின்றது வேலைக்கு, இரவில் தின்றது இடுப்புக்கு. ஏழு மணிக்கு முன்னால் சாப்பிட்டுப் பாருங்கள், ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

தராசுமுள்

இரவில் உடல் எதையும் எரிப்பதில்லை என்றால் தூங்குகிறவன் இதயம் எதில் ஓடுகிறது? மூச்சு எதில் ஓடுகிறது? நாள் முழுக்க நாம் செலவழிப்பதில் பெரும்பங்கு சும்மா கிடந்தாலே ஆகிற செலவுதான், அது தூக்கத்தில் நின்றுபோவதில்லை. பாட்டிகள் விளக்கு வைத்ததும் அடுப்பை அணைத்ததற்கு மண்ணெண்ணெய் விலையும் ஒரு காரணம்.

கோவை நண்பரே, உள்ளே போனது, வெளியே செலவானது, மீதி இருப்பு. கணக்கு எழுதுகிறவருக்கு இதை நான் சொல்ல வேண்டுமா? பேரேட்டில் பற்று எத்தனை மணிக்கு எழுதினீர்கள் என்று எந்தத் தணிக்கையாளரும் கேட்பதில்லை.

நெல்லைச்சீமை

எனக்கும் இதே தொந்தரவுதான். ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்செல்லாம் எரிகிறது, புளித்த ஏப்பம் வருகிறது. சோம்புத் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், சரியாகவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

சோற்றுப்பருக்கை

நெல்லைச்சீமை அண்ணா, உங்களுடையது வேறு பிரச்சினை. அதில் நேரம் உண்மையிலேயே முக்கியம். சாப்பிட்டதற்கும் படுப்பதற்கும் நடுவே மூன்று மணி நேரமாவது விடுங்கள், தலைமாட்டைச் சற்று உயர்த்திப் படுங்கள். அப்படியும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். இந்த இழையில் எடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கோவைக்கணக்கன் சார், மதுரையில் உணவியல் ஆலோசகராகப் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். "நேரத்தைத் தவிர எதுவும் மாறவில்லை" என்று சொன்ன யாருக்கும் நேரம் மட்டும் மாறி நான் பார்த்ததில்லை. தவறாக நினைக்காதீர்கள். ஒரு நாள், காலை எழுந்ததிலிருந்து படுக்கும் வரை வாயில் போட்டதையெல்லாம் இங்கே எழுதுங்கள். டீ, கடலை, பிள்ளை தட்டில் மிச்சம் வைத்தது எல்லாம். தை மாதத்துக்கு முன்னால் என்ன வழக்கம் என்றும் பக்கத்திலேயே எழுதுங்கள். வேலைக்கு எப்படிப் போனீர்கள், இப்போது எப்படிப் போகிறீர்கள் என்பதும் வேண்டும்.

ஒரு சின்ன வேலையும் செய்யுங்கள். இன்றிரவு தோசை சுடும் முன் எண்ணெய்ப் பாட்டிலில் எண்ணெய் நிற்கும் மட்டத்தில் ரப்பர் வளையம் ஒன்றைப் போட்டுவிடுங்கள். உங்கள் பங்குத் தோசையைச் சுட்டு முடித்ததும், இருமல் மருந்தோடு வரும் பத்து மில்லி மூடியால் பழைய மட்டம் வரை எண்ணெய் ஊற்றுங்கள். எத்தனை மூடி பிடித்தது என்று சொல்லுங்கள்.

தராசுமுள்

அம்மா என் கட்சி போலிருக்கிறது.

சோற்றுப்பருக்கை

அவசரப்படாதீர்கள் தம்பி. வைகைக்கரை சொன்னதிலும் ஒரு விதை இருக்கிறது, மேலே முளைத்ததுதான் கோணலாகிவிட்டது. செரிமானம் இரவில் நின்றுவிடுவதில்லை. ஆனால் அதே உணவைக் காலையில் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை ஏறும் அளவும் இரவில் சாப்பிட்டால் ஏறும் அளவும் ஒன்றல்ல. இரவில் அதிகமாக ஏறும், மெதுவாக இறங்கும். 2020இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருபது பேருக்கு ஒரே உணவை ஒருமுறை மாலை ஆறு மணிக்கும் இன்னொருமுறை இரவு பத்து மணிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லோரும் பதினொரு மணிக்குப் படுத்தார்கள். பத்து மணிக்குச் சாப்பிட்ட இரவில் சர்க்கரை உச்சம் சுமார் 18 சதவீதம் அதிகம், அன்றிரவு எரிந்த கொழுப்பு சுமார் 10 சதவீதம் குறைவு. வழக்கமாகச் சீக்கிரம் தூங்குகிறவர்களுக்குத்தான் இது அதிகம் தெரிந்தது. எனவே சுவரில் இருக்கும் கடிகாரத்தைவிட அவரவர் தூங்கும் நேரத்துக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள இடைவெளி பெரிது என்று எனக்குப் படுகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் அளந்தது ஓர் இரவை. அன்றிரவு கொழுப்பு குறைவாக எரிந்தால் மறுநாள் அதிகமாக எரிந்து ஈடுகட்டலாம். மாதக் கடைசியில் எடை ஏறியதா என்பது தனிக் கேள்வி.

வைகைக்கரை

தனிக் கேள்விக்கும் பதில் இருக்கிறதம்மா. இஸ்ரேலில் 2013இல் வெளியான ஆய்வு. எடை மிகுந்த 93 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் நாளுக்கு 1,400 கலோரி. ஒரு பிரிவுக்குக் காலையில் 700, மதியம் 500, இரவு 200. மற்றதற்கு அதைத் தலைகீழாக, இரவில் 700. பன்னிரண்டு வாரத்தில் காலைப் பிரிவு 8.7 கிலோ குறைந்தது, இரவுப் பிரிவு 3.6 கிலோதான். மொத்தம் ஒன்றே, எடை வேறு. தராசுமுள் இதற்கு என்ன சொல்கிறார்?

தராசுமுள்

பாட்டியிலிருந்து இஸ்ரேலுக்கு வந்ததற்கு நன்றி, இப்போதுதான் பேச ஒரு பொருள் கிடைத்திருக்கிறது. வித்தியாசம் ஐந்து கிலோ. ஒரு கிலோ கொழுப்புக்குத் தோராயமாக 7,700 கலோரி. ஐந்து கிலோவுக்கு 38,500. அதை 84 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்குச் சுமார் 460. ஒரே அளவு சாப்பிட்டவர்களில் ஒரு பிரிவு மட்டும் தினமும் 460 கலோரி கூடுதலாக எரிக்க வேண்டுமென்றால் அவர்கள் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறுவிறுவென்று நடந்திருக்க வேண்டும். சாப்பிட்ட நேரத்துக்கு அவ்வளவு சக்தி இருக்கிறது என்று நம்புவதா, வீட்டில் சாப்பிட்ட அந்தப் பெண்கள் 1,400ஐ அப்படியே கடைப்பிடிக்கவில்லை என்று நம்புவதா?

சோற்றுப்பருக்கை

இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. நானும் அப்படித்தான் அந்த ஆய்வைப் படிக்கிறேன். காலையில் வெறும் 200 கலோரி சாப்பிட்டவர்கள் பசியில் எழுதாமல் கொஞ்சம் தின்றிருப்பார்கள். அது பொய் சொல்வதல்ல. 1992இல் நியூயார்க்கில் "குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை இறங்கவே மாட்டேன் என்கிறது" என்ற பத்துப் பேரை நுணுக்கமாக அளந்து பார்த்தார்கள். சாப்பிட்டதில் ஏறக்குறைய பாதியை அவர்கள் குறிப்பேட்டில் எழுதவே இல்லை. எனக்கும் என் நோயாளிகளுக்கும் இது தினசரி அனுபவம்.

உணவு முழுவதையும் ஆய்வாளர்களே சமைத்துக் கொடுத்தால் என்ன ஆகிறது? ஸ்காட்லாந்தின் அபர்டீனில் அதைச் செய்தார்கள், 2022இல் முடிவு வந்தது. முப்பது பேர். நான்கு வாரம் நாளின் உணவில் 45 சதவீதம் காலையில், 20 சதவீதம் இரவில். இன்னொரு நான்கு வாரம் அதே ஆட்களுக்கு நேர் தலைகீழாக. இரண்டிலும் இறங்கியது மூன்று கிலோவுக்குச் சற்று மேல், வித்தியாசம் பெயருக்குக்கூட இல்லை. உடல் செலவழித்த சக்தியிலும் வித்தியாசம் இல்லை. ஒன்றில் மட்டும் வித்தியாசம் இருந்தது. காலையில் நிறையச் சாப்பிட்டவர்களுக்கு நாள் முழுவதும் பசி குறைவு.

தராசுமுள்

வழக்கு முடிந்தது.

இரவுப்பணி

முடியவில்லை சார். நான் செவிலியர், மாதத்தில் பத்து இரவு வேலை. அபர்டீன்காரர்கள் இரவில் அதிகம் சாப்பிட்டார்கள், சரி. ஆனால் அவர்கள் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள்? வெள்ளைக்காரர் ஊரில் இரவுச் சாப்பாடு என்றால் பெரும்பாலும் ஆறு ஏழு மணி. அதை வைத்து எங்களுக்கு எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும்?

என் கதையைச் சொல்கிறேன். இரவு வேலை வந்த முதல் வருடம் ஐந்து கிலோ ஏறினேன். வீட்டிலிருந்து கொண்டுபோன சாப்பாட்டை ஒன்பது மணிக்கே முடித்துவிடுவேன். ஆனால் இரண்டு மணிக்கு ஒரு பசி வரும். உண்மையான பசியா, தூக்கத்தை விரட்டும் பசியா என்று இன்றுவரை தெரியாது. பிஸ்கட் பாக்கெட், சர்க்கரை தூக்கலாக டீ, யாராவது நோயாளியின் உறவினர் கொடுத்த இனிப்பு. காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து டிபன், அப்புறம் தூக்கம், மூன்று மணிக்கு எழுந்து மதியச் சாப்பாடு. ஒரு நாளைக்கு நான்கு வேளை ஆகிவிட்டது. நேரம் தப்பியதால் ஏறினேனா, வேளை கூடியதால் ஏறினேனா?

சோற்றுப்பருக்கை

சரியான இடத்தைப் பிடித்தீர்கள் சகோதரி. அபர்டீன் ஆய்வு "இரவில் அதிகம்" என்பதைச் சோதித்தது, "நள்ளிரவை ஒட்டி" என்பதைச் சோதிக்கவில்லை. அதற்குக் கிட்டத்தில் வரும் ஆய்வு பாஸ்டனில் நடந்தது, அதுவும் 2022. பதினாறு பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, ஒரே உணவை ஒருமுறை வழக்கமான நேரத்திலும், இன்னொருமுறை எல்லா வேளையையும் நான்கு மணி நேரம் தள்ளியும் கொடுத்தார்கள். தள்ளிச் சாப்பிட்டபோது பசி கூடியது, வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் குறைந்தது, விழித்திருக்கும் நேரத்தில் செலவான சக்தியும் குறைந்தது. எவ்வளவு குறைந்தது என்கிறீர்கள்? நாளுக்குச் சுமார் 60 கலோரி.

அது சில நாள் ஆய்வு, எடையை அளக்கும் அளவுக்கு நீளம் இல்லை. 60 கலோரி மாதக்கணக்கில் நீடிக்குமா என்பதை அது காட்டவில்லை. நீடிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கோவை சாருக்கு ஏறியது 6 கிலோ, 46,200 கலோரி. எட்டு மாதம் 240 நாள். நாளுக்கு 190 மிச்சப்பட்டிருக்கிறது. நேரத்தின் பங்கு அதில் மூன்றில் ஒன்றைத் தாண்டாது. மீதி எங்கிருந்து வந்தது என்பதற்குத்தான் அந்தப் பட்டியலைக் கேட்டேன்.

கோவைக்கணக்கன்

பட்டியல் இதோ. எழுதும்போதே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

காலையில் மூன்று இட்லி, முன்பு நான்கு. பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் டீ, இது பழைய வழக்கமே. மதியம் சோறு, குழம்பு, பொரியல், மோர், அதுவும் பழையபடிதான். மாலை ஆறரைக்குக் கடையில் எல்லோருக்கும் வாழைக்காய் பஜ்ஜி வரும், எனக்கு இரண்டு. வாரத்தில் நான்கு நாள் இது நடக்கும். இதை நான் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்த்ததில்லை, முதலாளி வாங்கிக் கொடுப்பது. கல்லா எண்ணும்போது வறுத்த கடலை ஒரு கைப்பிடி, வாரத்தில் மூன்று நாள் இருக்கும். இரவு நான்கு தோசை, தேங்காய்ச் சட்னி, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும். முன்பு மூன்று தோசை. எட்டு மணிப் பசி வேறு, பத்தரை மணிப் பசி வேறு.

போக்குவரத்து: முன்பு பஸ் நிறுத்தத்துக்கும் அலுவலகத்துக்கும் போக வர மொத்தம் மூன்று கிலோமீட்டர் நடப்பேன். இப்போது வண்டி. இரவு ஒன்பதரைக்கு மேல் பஸ்ஸை நம்ப முடியாது.

எண்ணெய் விஷயம். நான்கு மூடி பிடித்தது. 40 மில்லி. "ஒரு சொட்டுதான் விடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் ரப்பர் வளையத்தைப் பார்த்துவிட்டு என்னை முறைத்தாள்.

சோற்றுப்பருக்கை

40 மில்லியில் சுமார் 330 கலோரி. சட்னித் தேங்காய் தனி. அவர்களை முறைக்கவிடாதீர்கள், எல்லா வீட்டிலும் அப்படித்தான். எண்ணெய்க்குக் கண் அளவு பலிக்காது, பொடியில் குழைப்பது தோசையில் விடுவதைவிட அதிகமாகவே இருக்கும்.

மாறியவற்றை மட்டும் எடுப்போம். பஜ்ஜி ஒன்றுக்கு 100 என்று வைத்தால் வாரத்துக்கு 800, நாளுக்குச் சராசரி 115. கடலை ஒரு கைப்பிடி 170, நாளுக்கு 70 வரும். கூடுதல் தோசைக்கு எண்ணெயோடு 150. குறைந்த இட்லிக்கு 60 கழியுங்கள். நடக்காமல் விட்ட மூன்று கிலோமீட்டருக்கு உங்கள் எடையில் 120 சேருங்கள்.

கோவைக்கணக்கன்

கூட்டினால் 395 வருகிறது. எடை ஏற்றத்துக்குத் தேவை 190. கணக்கு உதைக்கிறதே அம்மா. எங்கள் கடையில் இப்படி ஐந்தொகை போட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

சோற்றுப்பருக்கை

உதைக்கத்தான் செய்யும். எடை ஏற ஏற உடலின் செலவும் ஏறும், ஆறு கிலோவைச் சுமப்பதற்கும் வளர்ப்பதற்கும் தினமும் நூறு கலோரிக்கு மேல் போகும். அதனால் தொடக்கத்தில் மிச்சம் அதிகமாக இருந்திருக்கும், இப்போது குறைந்திருக்கும். 190 என்பது நடுவிலான சராசரி. அதற்கு மேல் பஜ்ஜியின் அளவு, கைப்பிடியின் அளவு எல்லாம் என் ஊகம்தான். உணவுக் கணக்கு பைசா சுத்தமாக ஒத்துப்போனால்தான் நான் சந்தேகப்படுவேன். எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் பாருங்கள். நேரத்தைக் கணக்கில் கொண்டுவராமலே உங்கள் ஆறு கிலோவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

வைகைக்கரை

ஆனால் பஜ்ஜி ஏன் உள்ளே வந்தது? சாப்பாடு பத்தரைக்குத் தள்ளிப்போனதால். தோசை ஏன் மூன்றிலிருந்து நான்கானது? பசி முற்றியதால். எல்லாவற்றுக்கும் மூலம் நேரம்தான். அதைத்தான் நானும் அவர் மனைவியும் முதலிலிருந்தே சொல்கிறோம்.

தராசுமுள்

நீங்கள் சொன்னது இரவில் தின்றது அப்படியே கொழுப்பாகும் என்று. பேச்சை மாற்றாதீர்கள்.

சோற்றுப்பருக்கை

இருந்தாலும் வைகைக்கரை இப்போது சொன்னதை நான் மறுக்க மாட்டேன்.

புதுக்குடித்தனம்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு கணக்கு எதற்கு என்று தோன்றுகிறது. நானும் கணவரும் போன மாதம் இரவு உணவை ஏழு மணிக்கு மாற்றினோம். அதே சப்பாத்தி, அதே குருமா. ஒரே வாரத்தில் அவருக்கு 1.4 கிலோ, எனக்கு 900 கிராம். காலையில் எழுந்தவுடன் அதே தராசில்தான் பார்த்தோம். இது கண்ணால் கண்டதுதானே?

தராசுமுள்

சகோதரி, பத்தரைக்குச் சாப்பிட்டு ஆறரைக்கு எடை பார்த்தால் எட்டு மணி நேர இடைவெளி. ஏழு மணிக்குச் சாப்பிட்டு ஆறரைக்குப் பார்த்தால் பதினொன்றரை மணி நேரம். வயிற்றிலும் குடலிலும் கிடக்கும் உணவுக்கும் தண்ணீருக்கும் எடை இல்லையா? இரவு சாப்பாடும் தண்ணீருமாக ஒரு கிலோ சர்வசாதாரணமாக உள்ளே போகும். நீங்கள் முதல் வாரத்தில் கண்டது அதில் ஒரு பங்கு முன்கூட்டியே வெளியேறியதை.

சோற்றுப்பருக்கை

அதோடு உப்பும் சேர்ந்துகொள்ளும். குருமா, ஊறுகாய், அப்பளம் என்று இரவில் உப்பு ஏறினால் உடல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவுச்சத்தைக் கல்லீரலும் தசையும் சேமிக்கும்போது ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்தே வைக்கின்றன. காலை எடை ஒரு கிலோ மேலும் கீழும் ஆடுவது இதனால்தான்.

இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். நேரத்தின் பலன் அந்த 60 கலோரி என்று கொண்டால் இரண்டு வாரத்தில் 840 கலோரி. எடையில் நூறு கிராம்தான். ஒரு கிலோ ஆடும் தராசில் நூறு கிராமை எப்படிப் பார்ப்பீர்கள்? அதனால் "நேரத்தை மாற்றினேன், ஒரு வாரத்தில் இறங்கியது" என்பதையும் நான் நம்ப மாட்டேன், "நேரத்தை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை" என்பதையும் நம்ப மாட்டேன். வீட்டுத் தராசு இந்தக் கேள்விக்கு இரண்டு வாரத்தில் பதில் சொல்லாது. அடுத்த மாதம் உங்கள் இருவருடைய எடையும் எங்கே நிற்கிறது என்று வந்து சொல்லுங்கள்.

புதுக்குடித்தனம்

இரண்டாம் வாரத்திலிருந்து அப்படியே நிற்கிறது. அதைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன்.

இரவுப்பணி

சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மாவிடம் ஒரு சந்தேகம். என் அப்பாவுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. எடையை விடுங்கள், அவர் பத்து மணிக்குச் சாப்பிடலாமா?

சோற்றுப்பருக்கை

முடிந்தவரை வேண்டாம். எடை விஷயத்தில் நேரத்துக்கு நான் சின்ன இடம்தான் கொடுக்கிறேன், சர்க்கரை விஷயத்தில் பெரிய இடம் கொடுப்பேன். தூங்கும் நேரம் நெருங்க நெருங்க மெலடோனின் ஏறும், அந்த நேரத்தில் கணையம் இன்சுலினைக் குறைவாகவே விடும். ஸ்பெயினில் 845 பேரிடம் இதைப் பார்த்திருக்கிறார்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பும் நான்கு மணி நேரம் முன்பும் ஒரே குளுக்கோஸைக் கொடுத்தபோது, தாமதமான வேளையில் இன்சுலின் குறைவாகவும் சர்க்கரை அதிகமாகவும் இருந்தது. மாத்திரை போடுகிறவராக இருந்தால் நேரத்தை மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கோவைக்கணக்கன் சார், உங்களுக்கு என் யோசனை இது. வேலை நேரத்தை மாற்ற முடியாது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆறரைக்குப் பஜ்ஜி வரும் முன் உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும். டிபன் பாக்ஸில் இரண்டு இட்லியும் கொஞ்சம் சட்னியும் கொண்டுபோங்கள். இரவு இரண்டே தோசை. பொடிக்கு எண்ணெய் ஒரு சின்ன ஸ்பூன், அளந்து. தினமும் காலையில் கழிப்பறைக்குப் போய்வந்த பிறகு, தண்ணீர் குடிக்கும் முன் எடை பாருங்கள், எழுதுங்கள், ஆனால் அந்த எண்ணைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஏழு நாள் சராசரியை மட்டும் அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். ஆறு வாரம் கழித்து வாருங்கள்.

கோவைக்கணக்கன்

ஆறு வாரம் ஆயிற்று. வாரச் சராசரிகள்: 82.1, 81.9, 81.3, 81.4, 81.0, 80.6.

நான்காம் வாரம் ஏறியதற்குக் காரணம் இருக்கிறது. மச்சினன் வீட்டு விருந்து, பிரியாணி. மறுநாள் காலை தராசு 82.6 காட்டியது. பழைய ஆளாக இருந்தால் அன்றே எல்லாவற்றையும் விட்டிருப்பேன். நான்கு நாளில் தானாக இறங்கிவிட்டது. பஜ்ஜியை முழுக்க விட முடியவில்லை, வாரம் ஒன்று உள்ளே போகிறது. முதலாளியே கையில் எடுத்து நீட்டும்போது என்ன செய்வது?

முக்கியமான விஷயம் வேறு. இந்த எண்களை மனைவியிடம் காட்டி, "பார், இன்னும் பத்தரைக்குத்தான் சாப்பிடுகிறேன், எடை இறங்குகிறது, நேரம் ஒரு காரணமே இல்லை" என்றேன். அவள் அமைதியாகக் கேட்டாள்: "பாதிச் சாப்பாட்டை ஆறரைக்கே சாப்பிட்டுவிட்டுத்தானே வருகிறீர்கள்?"

வைகைக்கரை

தங்கச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தராசுமுள்

அடடா. அம்மா, நீங்கள் கொடுத்த யோசனையில் அளவும் குறைந்தது, நேரமும் முன்னால் வந்தது. இரண்டையும் சேர்த்து மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று எப்படிப் பிரிப்பது?

சோற்றுப்பருக்கை

பிரிக்க முடியாதுதான். எனக்கு அவர் எடை இறங்க வேண்டியிருந்தது, உங்கள் வழக்கில் சாட்சி சொல்வது என் வேலையில்லை. ஐந்து வாரத்தில் 1.5 கிலோ என்றால் நாளுக்கு 330 கலோரி பற்றாக்குறை. அதில் பெரும்பகுதி பஜ்ஜியும் எண்ணெயும் என்று நான் சொல்வேன். ஆனால் அளவை மாற்றாமல் அந்த இரண்டு இட்லியை மட்டும் பத்தரைக்கு நகர்த்தி, மூன்று நான்கு மாதம் எடை பார்த்தால்தான் அந்த வீட்டு வழக்கில் தீர்ப்பு வரும். அப்படி நகர்த்தினால் ஆறரைக்குப் பஜ்ஜி திரும்பி வராமல் இருக்குமா என்பதுதான் என் பயம்.

கோவைக்கணக்கன்

இப்போது அது நடக்காதம்மா. தீபாவளிக் கூட்டம் தொடங்கிவிட்டது. நேற்று கல்லா எண்ணி முடிக்கும்போது பன்னிரண்டு மணி, முதலாளி எல்லோருக்கும் புரோட்டா வாங்கி வைத்திருந்தார். பண்டிகை முடியட்டும், கார்த்திகையில் தொடங்குகிறேன். டிபன் பாக்ஸை மட்டும் விடவில்லை.

நெல்லைச்சீமை

தலைமாட்டை உயர்த்திப் படுத்ததில் எரிச்சல் பாதி குறைந்திருக்கிறது. தலையணை இரண்டு வைத்தால் கழுத்து வலிக்கிறது, கட்டில் காலுக்குச் செங்கல் வைக்கலாமா?

சோற்றுப்பருக்கை

அதுதான் சரி அண்ணா. தலைப்பக்கக் கால் இரண்டுக்கும் ஒரே உயரத்தில் வையுங்கள், கட்டில் ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.